குடத்தில் யார் பெயர் இல்லை?

எட்டாம் வகுப்பில் கட்டபொம்மன் பாடத்தை நாடகமாகப் போட்ட அந்த வருஷம், எட்டப்பனாக நடித்த பையனுக்கு ஆண்டு முழுக்க அதுவே பெயராகிப் போனது. நடிக்க ஆள் கிடைக்காமல், கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தவனை டீச்சர்தான் எழுப்பி நிறுத்தினார். நாடகம் 20 நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு கபடி ஆட்டத்தில் தோற்றாலும், வீட்டுப்பாடத்தைக் காட்ட மறுத்தாலும், "டேய் எட்டப்பா" என்றுதான் கூப்பிட்டார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு அவனுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். "பாடம்தானே டீச்சர் நடத்துனீங்க? என் புள்ள ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுவுறான்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் டீச்சருக்கு அதிகம் வலித்தது.

அவர் உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஒரு சிற்றூரில், அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவர். ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள். வரலாறு என்றாலே தூங்கி வழிகிற பிற்பகல் பீரியடில், நடித்துக் காட்டினால் பிள்ளைகள் விழித்துக்கொள்கிறார்கள் என்பதைப் பணியில் சேர்ந்த புதிதிலேயே கண்டுகொண்டவர். அதில் அவருக்கு இன்றும் சந்தேகமில்லை. எதை நடிக்க வைப்பது, எதை வைக்கக் கூடாது என்பதில்தான் அவர் மனம் மாறியது.

அந்தக் கட்டபொம்மன் பாடத்துக்கான விடைத்தாள்களைத் திருத்தும்போது இன்னொன்றும் தெரிந்தது. பாதிப் பேர் எழுதியிருந்தது வரலாறு அல்ல, 1959-ல் வந்த சிவாஜி படத்தின் வசனம். வீட்டில் தாத்தா சொல்லிக் கொடுத்திருப்பார், டி.வி.யில் பார்த்திருப்பார்கள். ஆனால் 1798-ல் ராமநாதபுரத்தில் கலெக்டர் ஜாக்சனோடு நடந்த மோதலுக்குப் பிறகு, கட்டபொம்மன் சென்னையில் இருந்த கம்பெனி நிர்வாகத்துக்கு முறையிட்டதையும், அதற்காக ஒரு விசாரணைக் குழு அமைந்ததையும், ஜாக்சன் பதவியிலிருந்து நீக்கப்பட்டதையும் ஒருவர்கூட எழுதவில்லை. பாடப் புத்தகத்தில் இருந்தும் எழுதவில்லை. ஏனென்றால் நாடகத்தில் அது இல்லை. வீரனும் துரோகியும் தூக்குமரமும் இருந்தால் மேடைக்குப் போதும். மனு, விசாரணை, பதவி நீக்கம் எல்லாம் மேடையில் எடுபடாது. அவையும் சேர்ந்ததுதான் வரலாறு.

அதனால் அடுத்த வருஷம் அவர் வேறு மாதிரி யோசித்தார். ஆட்களை நடிக்க வைப்பதற்குப் பதிலாக ஒரு நடைமுறையை நடித்துப் பார்த்தால் என்ன? வசனம் மனப்பாடம் செய்யத் தேவையில்லை, வீரனும் வில்லனும் கிடையாது. அந்தக் காலத்து விதி ஒன்றைக் கையில் கொடுத்து, 'இதன்படி இப்போது முடிவெடுங்கள்' என்று விட்டுவிடுவது. இங்கிலாந்தில் டாரதி ஹீத்கோட் என்ற ஆசிரியை இந்த வழியில் பெயர் பெற்றவர். கம்பளி மில்லில் வேலை பார்த்துவிட்டு நாடகக் கல்விக்கு வந்தவர். பிள்ளைகளைப் பார்வையாளருக்காக நடிக்க வைக்காமல், ஒரு சூழ்நிலைக்குள் இறக்கி முடிவெடுக்க வைப்பார். தேவைப்பட்டால் தானும் ஒரு பாத்திரமாக உள்ளே இறங்கிவிடுவார். நம் டீச்சர் ஒரு பயிற்சி வகுப்பில் இதைக் கேள்விப்பட்டதோடு சரி. மற்றதெல்லாம் அவராகச் செய்து பார்த்ததுதான்.

ஏழாம் வகுப்பில் சோழர் பாடம். அதில் குடவோலை முறை ஒரு பத்திதான் வரும். டீச்சர் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். 919-ல் ஒன்று, 921-ல் ஒன்று. ஒரு சபைக்கு ஆள் எடுப்பது எப்படி என்று படிப்படியாகச் சொல்பவை. கிட்டத்தட்ட ஒரு நாடகக் குறிப்பு மாதிரியே இருக்கும்.

இரண்டாவது கல்வெட்டில் உள்ளதைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படி. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று மேலே ஓர் ஓலை வைத்துக் குடத்தில் போட வேண்டும். தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். இன்றைய கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை ஏக்கருக்கு மேல். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். வேதத்தோடு பாஷ்யமும் படித்து விளக்கத் தெரிந்தவர் என்றால் அரைக்கால் வேலி நிலமே போதும் என்று ஒரு சலுகை. கடந்த 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் கூடாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினரும் கூடாது.

இந்த 'உறவினர்' பட்டியலைப் படித்துக் காட்டியபோதுதான் வகுப்பு முதலில் கலகலத்தது. சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், மாமனார், மச்சான், மருமகன் என்று நீண்டுகொண்டே போகும். "எங்க வீட்டுக் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கு டீச்சர்" என்றாள் ஒரு பெண். டீச்சருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

வகுப்பில் 42 பேர். முப்பது குடும்புகளை வைத்தால் பொழுது போய்விடும் என்பதால் 6 குடும்புகள், குடும்புக்கு 7 பேர். பழைய காலண்டர் அட்டைகளை வெட்டி, ஆளுக்கு ஓர் அட்டை எழுதினார். 'வயது 41, அரை வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதம் கற்றவர், இதுவரை வாரியத்தில் இருந்ததில்லை' என்று ஒன்று. 'வயது 50, ஒரு வேலி நிலம், வேதம் கற்றவர், இரண்டு ஆண்டுக்கு முன் ஏரி வாரியத்தில் இருந்தவர்' என்று ஒன்று. 'எல்லாத் தகுதியும் உண்டு, ஆனால் மச்சான் கணக்குக் காட்டவில்லை' என்று ஒன்று. சபையில் இடமில்லாத ஊர்க்காரர்களுக்கும் அட்டை போட்டார். குயவர், உழவு வேலை செய்பவர், நிலம் உள்ள ஒரு பெண். யாருக்கு எது என்று அவர் முடிவு செய்யவில்லை. ஒரு பையில் போட்டுக் குலுக்கி, கையை விட்டு எடுக்கச் சொன்னார். எட்டப்பன் விஷயத்தில் படித்த பாடம்.

முதல் பீரியடில் ஒவ்வொரு குடும்பும் வட்டமாக உட்கார்ந்து, விதித் தாளைப் பார்த்து, தங்களில் யார் பெயரை ஓலையில் எழுதலாம் என்று தீர்மானிக்க வேண்டும். 40 நிமிஷமும் அதற்கே போனது. சும்மா பாடமாக நடத்தியிருந்தால் 'தகுதிகள் யாவை' என்ற கேள்விக்கு 5 வரியாக எழுதிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒருவன் தன் அட்டையை நீட்டிச் சண்டை போடுகிறான். "எனக்கு வயசு 34 தான் கம்மி, ஒரு வருஷம்தானே? விடுங்கடா!" எதிரே இருப்பவள் விதித் தாளைக் காட்டுகிறாள். கடைசியில் 42 பேரில் குடத்துக்குள் போகத் தகுதி பெற்றவை 12 பெயர்கள் மட்டும்.

இரண்டாவது பீரியட், ஓலை எடுப்பு. ஒருவரின் பெயர் வெளியே வர இரண்டு படிகள். ஊரார் எல்லோரும் பார்க்க, நம்பிமாரில் மூத்தவர் குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத ஒரு சின்னப் பையன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டைப் பிரித்து, வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதே பையன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தரிடம் கொடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்கி வாசிக்க வேண்டும். அதை அங்குள்ள நம்பிமார் எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். இப்படிக் குடும்புக்கு ஒருவராக 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம்.

பக்கத்துத் தொடக்கப் பள்ளியிலிருந்து இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூட்டி வந்தார்கள். சத்துணவுக் கூடத்திலிருந்து இரண்டு எவர்சில்வர் குடங்கள். மத்தியஸ்தராக வந்தவன் வகுப்பிலேயே துறுதுறுப்பானவன். மூன்றாவது குடும்பின் ஓலை வந்தபோது அவன் கையை மூடியபடி வாங்கினான். உள்ளங்கையில் ஏற்கெனவே மடித்து வைத்திருந்த சீட்டில் அவன் நண்பனின் பெயர். அதைத்தான் வாசித்தான். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "கையை விரிக்கலை! கையை விரிக்கலை!" என்று கத்தினாள். கையைப் பிரித்தால் இரண்டு சீட்டு.

வகுப்பே கூச்சலாகிவிட்டது. டீச்சர் திட்டவில்லை. "ஐந்து விரலையும் விரிச்சு வாங்கணும்னு கல்லுல எதுக்கு வெட்டி வச்சாங்க?" என்று மட்டும் கேட்டார். யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்வெட்டு அந்த விதியைச் சொல்கிறதே தவிரக் காரணத்தைச் சொல்வதில்லை. எழுத்துத் தெரியாத சின்னப் பையன் எதற்கு, மறுபடி எல்லோரும் எதற்கு வாசிக்க வேண்டும் என்பதையும் அன்று பிள்ளைகளே அடுக்கினார்கள். ஒரு விதியின் உள்நோக்கம் இப்படிப் பிடிபடுவதுதான் இந்த வகை நடிப்பின் பலன் என்று சொல்ல வேண்டும். முகத்துக்குச் சாயம் பூசி வசனம் பேசுவதில் இது கிடைப்பதில்லை.

இதே வகுப்பில் சறுக்கல்களும் இருந்தன.

ஒரு குடும்பில் இரண்டு பேர், "எனக்கு ஓட்டுப் போடுங்க" என்று மிட்டாய் கொடுத்துப் பிரசாரம் செய்தார்கள். குடவோலை என்றால் தேர்தல் என்று பெரியவர்களே மேடையில் பேசும்போது பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அங்கே ஓட்டு என்பதே இல்லை. தகுதி பார்த்து வடிகட்டுவது, பிறகு குலுக்கல். நடிக்கும்போது பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த இன்றைய உலகத்தைப் பழைய காலத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். யாரும் தடுக்காவிட்டால் அதுவே அந்தக் காலம் என்று மனதில் பதிந்துவிடும். புத்தகத்தில் தப்பாகப் படித்தது மறந்துபோகும். நடித்துப் பார்த்த தப்பு லேசில் மறக்காது.

இன்னொன்று இதைவிடக் கடினமானது. அட்டை எடுத்தபோது, 'நிலம் இல்லை, பிறர் நிலத்தில் உழவு வேலை' என்ற அட்டை ஒரு பையனுக்கு வந்தது. பின்னாலிருந்து யாரோ மெதுவாக, "கரெக்டாத்தான் விழுந்திருக்கு" என்றார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அந்தப் பையன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். டீச்சர் ஜாதி என்ற சொல்லை எந்த அட்டையிலும் எழுதவில்லை. எழுதாவிட்டால் என்ன, அது ஏற்கெனவே வகுப்புக்குள்தான் இருந்தது.

அவர் அந்த இடத்திலேயே எல்லா அட்டைகளையும் திரும்ப வாங்கினார். உழவர், குயவர், அந்தப் பெண் ஆகிய அட்டைகளை எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் போட்டார். அவற்றுக்குப் பதிலாக வயது குறைந்தவர், கணக்குக் காட்டாதவர் என்று வேறு அட்டைகளை அவசரமாக எழுதிச் சேர்த்து, மறுபடி குலுக்கினார். சிரித்தவர்கள் யார் என்று தேடி வகுப்பு முன்னால் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அந்தப் பையனையும் சேர்த்து நிறுத்தியதாக ஆகியிருக்கும். சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அவர்களிடம் ஒரு தடவை, அவனிடம் ஒரு தடவை.

ஆனால் அந்த ஆட்களை வரலாற்றிலிருந்தே எடுத்துவிட முடியாதே? உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். அங்கே கூடியது நிலமுள்ள பிராமணர்களின் சபை. அதைச் சொல்லாமல், 'ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம்மிடம் ஜனநாயகம் இருந்தது' என்று பெருமையோடு மணி அடித்துவிட்டால் அது அரைப் பாடம். அதனால் மூன்றாவது பீரியடில் யாரும் யாராகவும் நடிக்கவில்லை. அட்டைகளை வாங்கிக்கொண்டு, பெஞ்சுகளைப் பழையபடி போடச் சொல்லி, போர்டில் ஒரே ஒரு கேள்வியை எழுதினார்: 'இந்தக் குடத்தில் யார் பெயர் இல்லை?'

விதித் தாளை வைத்துப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதினார். நிலம் இல்லாதவர். சொந்த மனை இல்லாதவர். இளைஞர். பெண்களைப் பற்றி விதியில் தனியாக ஒன்றும் இல்லையே என்று ஒருவன் கேட்டான். "வேதம் படிச்சிருக்கணும்னு இருக்குல்ல, அப்போ அவங்களை யாரு படிக்க விட்டா?" என்று முன்வரிசைப் பெண்ணே பதில் சொன்னாள். ஏரித் தண்ணீரில் உழைத்தவர்கள், ஏரி வாரியத்தில் பெயர் வர முடியாதவர்கள் என்று பட்டியல் நீண்டது. யாரையும் அந்த இடத்தில் நிற்க வைக்காமலே அந்த இடம் தெரிந்தது. நடிப்பதற்கு ஓர் எல்லை உண்டென்றால் அது இதுதான் என்பது டீச்சரின் கட்சி. முடிவெடுத்தவர்களின் இடத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கலாம். அவமானப்பட்டவர்களின் இடத்தில் ஒரு பிள்ளையை நிற்க வைத்து மற்றவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடாது. அதே காரணத்துக்காக ஜாலியன்வாலாபாக் பாடத்தை அவர் நடிக்க விடுவதில்லை. அளவுகோலைத் துப்பாக்கியாகப் பிடித்துச் சுடுவதும், சிரித்துக்கொண்டே விழுவதும்தான் நடக்கும். அன்று இறந்தவர்களுக்கு அது மரியாதை இல்லை.

கூடவே நேரக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரு பத்திப் பாடத்துக்கு 3 பீரியட். வாரத்துக்குச் சில பீரியடுகளே கிடைக்கிற பாடத்தில் இது ஆடம்பரம்தான். பக்கத்து வகுப்புக் கணக்கு ஆசிரியர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். தலைமை ஆசிரியர், "போர்ஷன் முடிச்சிடுவீங்கள்ல?" என்று கேட்டார். ஒரு பருவத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு என்று டீச்சர் நிறுத்திக்கொண்டார். அதிலும் விதி, விசாரணை, கணக்கு, பேச்சுவார்த்தை என்று ஏதாவது ஒரு நடைமுறை உள்ள பாடம் மட்டும். அரசர் பட்டியலையும் போர் வருஷங்களையும் பழையபடி போர்டில் எழுதித்தான் நடத்துகிறார். பேசக் கூச்சப்படுகிற பிள்ளைகளுக்குச் சபைக் கணக்கர் வேலை. நடந்ததையெல்லாம் நோட்டில் எழுதுவது. அந்த நோட்டு இல்லாமல் மூன்றாவது பீரியட் நடக்காது. என்ன நடந்தது என்று கேட்டால் கத்தியவர்களுக்கு ஞாபகம் இருப்பதில்லை, எழுதியவர்களுக்கே இருக்கும்.

பரீட்சையில் 'குடவோலை முறை குறிப்பு வரைக' வந்தது. பெரும்பாலானவர்கள் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார்கள். மதிப்பெண் என்னவோ ஐந்துதான். ஓட்டு என்று எழுதியவர்கள் நான்கு பேர். மிட்டாய் கொடுத்தவர்களில் ஒருவன் அதில் இருந்தான்.

கணக்கராக இருந்த ஒரு பெண்ணின் நோட்டில் மட்டும் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. 919-ல் விதி எழுதினார்கள், இரண்டே வருஷத்தில் 921-ல் மறுபடி மாற்றி எழுதினார்கள் என்று டீச்சர் சொன்னதை அவள் குறித்து வைத்திருந்தாள். அதற்குக் கீழே, 'அந்த இரண்டு வருஷத்தில் யார் கையை மூடி வாங்கினார்கள்?' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். டீச்சர் சிவப்பு மையால் டிக் போட்டுவிட்டு, அடுத்த நாள் பாடம் தொடங்கும் முன் அதைப் போர்டில் எழுதினார். அன்று மொகலாயர் பாடம் தொடங்குவதாக இருந்தது. தொடங்கவில்லை.